டாலர் பாக்கி இல்லை, ரூபாயில் மட்டும் பாக்கி: மாதம் தாண்டித் தீர்ந்த இன்வாய்ஸில் மாற்று வித்தியாசப் பிழைகளைக் கண்டுபிடிப்பது

வெளிநாட்டு நாணயத்தில் போட்ட இன்வாய்ஸுக்கு அதே மாதத்திலேயே பணம் வந்துவிட்டால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. இன்வாய்ஸ் தேதி ரேட்டுக்கும் பணம் வந்த தேதி ரேட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே பதிவில் எழுதிவிடலாம். நடுவில் ஒரு மாதக் கடைசி வந்துவிட்டால்தான் குழப்பம் தொடங்குகிறது. மாதக் கடைசியில் ஒரு மறுமதிப்பீட்டுப் பதிவு, பணம் வந்த நாளில் இன்னொரு பதிவு என்று இரண்டாகிவிடும். இவை ஒன்றையொன்று அறியாமல் விழுந்தால் வாடிக்கையாளர் கணக்கில் ஒரு தொகை தொங்கி நிற்கும், அல்லது லாபம் இரண்டு முறை ஏறிவிடும்.

பிழை எங்கே என்று தேடுவதற்கு முன் சரியான கணக்கு எப்படி இருக்கும் என்று பார்த்துவிடுவோம். இதே எண்களைத்தான் கடைசிவரை பயன்படுத்தப் போகிறேன்.

## சரியாக இருந்தால் எப்படி இருக்கும்

நம் ஏட்டு நாணயம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேறு நாணயமானாலும் கணக்கு இதேதான். ரேட்டுகள் உதாரணத்துக்காக எடுத்தவை.

மார்ச் 12 அன்று 10,000 டாலருக்கு விற்பனை இன்வாய்ஸ். அன்றைய ரேட் 80.00, ஆக ஏட்டில் 8,00,000 ரூபாய். மார்ச் 31 ரேட் 82.00. ஏப்ரல் 18 அன்று முழுப் பணமும் வருகிறது, அன்றைய ரேட் 81.50, வங்கியில் 8,15,000 ரூபாய்.

```
மொத்த வித்தியாசம் = 10,000 × (81.50 − 80.00) = +15,000
மார்ச் பங்கு      = 10,000 × (82.00 − 80.00) = +20,000
ஏப்ரல் பங்கு      = 10,000 × (81.50 − 82.00) =  −5,000
```

மொத்தம் 15,000 என்பதை முதல் நாள் ரேட்டும் கடைசி நாள் ரேட்டும் முடிவு செய்துவிடுகின்றன. மாதக் கடைசி ரேட் அதை இரண்டு மாதங்களுக்குப் பங்கு போடுகிறது, அவ்வளவுதான். அது 82 ஆக இருந்தாலும் 79 ஆக இருந்தாலும் மொத்தம் மாறாது. IAS 21 தரநிலையின் 29-ஆம் பத்தி சொல்வதும் இதைத்தான்: தீர்வு அடுத்த கணக்குக் காலத்துக்குப் போனால், ஒவ்வொரு காலத்திலும் ரேட் எவ்வளவு நகர்ந்ததோ அந்த அளவு வித்தியாசம் அந்தந்தக் காலத்தில் எழுதப்பட வேண்டும்.

இதை ஏட்டில் ஏற்ற இரண்டு முறைகள் உண்டு. முதல் முறையில் மார்ச் 31 மறுமதிப்பீட்டை ஏப்ரல் 1 அன்று அப்படியே ரிவர்ஸ் செய்துவிடுவோம். வாடிக்கையாளர் கணக்கு மறுபடி 8,00,000-க்கு வந்துவிடும்.

```
மார்ச் 31  வாடிக்கையாளர்            பற்று   20,000
             கைக்கு வராத மாற்று லாபம்  வரவு   20,000
ஏப்ரல் 1   கைக்கு வராத மாற்று லாபம்  பற்று   20,000
             வாடிக்கையாளர்            வரவு   20,000
ஏப்ரல் 18  வங்கி                    பற்று 8,15,000
             வாடிக்கையாளர்            வரவு 8,00,000
             கைக்கு வந்த மாற்று லாபம்  வரவு   15,000
```

இரண்டாவது முறையில் ரிவர்ஸ் கிடையாது. வாடிக்கையாளர் கணக்கு 8,20,000-இலேயே இருக்கும். பணம் வந்ததும் அதை 8,20,000-க்கு அடைத்து, குறைந்த 5,000-ஐ மாற்று நட்டத்தில் பற்று எழுதுவோம்.

இரண்டு முறையிலும் ஏப்ரல் மாத நிகரம் 5,000 நட்டம்தான். எனக்குப் பிடித்தது ரிவர்ஸ் முறை. அதில் இன்வாய்ஸின் மூல மதிப்பு கலையாமல் இருக்கும். பணத்தைப் பதிவு செய்பவர் கடந்த மாத மறுமதிப்பீட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. எதை வேண்டுமானாலும் பின்பற்றலாம். ஆனால் ஒரே ஏட்டில் இரண்டையும் கலக்கக் கூடாது. கீழே வரும் பிழைகளில் மோசமானவை இந்தக் கலப்பில் பிறந்தவைதான்.

## அறிகுறி: டாலர் பூஜ்யம், ரூபாயில் பாக்கி நிற்கிறது

வாடிக்கையாளர் பேரேட்டை இரண்டு நாணயத்திலும் எடுத்துப் பாருங்கள். டாலர் இருப்பு பூஜ்யம் என்றால் ரூபாய் இருப்பும் பூஜ்யமாக இருந்தே தீர வேண்டும். அப்படி இல்லாவிட்டால் பதிவுகளைத் தோண்டும் முன் நின்ற தொகையையே கவனியுங்கள். அதன் அளவும் பக்கமும் காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடும்.

பற்றுப் பக்கம் 20,000 நிற்கிறது. இது மார்ச் மறுமதிப்பீட்டுத் தொகைக்குச் சரியாகச் சமம். ரிவர்ஸ் விழவில்லை, ஆனால் பணத்தைப் பதிவு செய்த பகுதி மூல ரேட்டான 80-ஐ எடுத்துக்கொண்டு 8,00,000-ஐ மட்டும் அடைத்திருக்கிறது. ஏட்டில் 8,20,000 இருந்ததால் 20,000 மிஞ்சிவிட்டது. லாப நட்டக் கணக்கையும் பாருங்கள்: மார்ச்சில் 20,000, ஏப்ரலில் 15,000, ஆக 35,000 லாபம் ஏறியிருக்கும். உண்மையான லாபம் 15,000 மட்டுமே. வந்த பணத்தைவிட 20,000 அதிகமாக லாபம் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்த நிலையில் முதலில் பார்க்க வேண்டிய இடம், போஸ்ட் ஆகாமல் கிடக்கும் பதிவுகளின் பட்டியல். பல மென்பொருள்களில் மறுமதிப்பீட்டை ஓட்டும்போதே ரிவர்ஸ் பதிவும் உருவாகிவிடும். ஆனால் அது அடுத்த மாதத் தேதியில் வரைவாக நிற்கும். ஏப்ரல் மாதம் திறக்கப்படாமல் இருந்தாலோ, யாராவது ஒப்புதல் தர வேண்டியிருந்தாலோ, அது அங்கேயே கிடக்கும். கிடைத்தால் போஸ்ட் செய்தால் போதும். கிடைக்கவில்லை என்றால் கையால் எழுதுங்கள்:

```
ஏப்ரல்  கைக்கு வராத மாற்று லாபம்  பற்று 20,000
          வாடிக்கையாளர்            வரவு 20,000
```

இந்தப் பதிவைக் கையால் எழுதும்போது டாலர் பத்தியில் பூஜ்யம் இருக்க வேண்டும், ரூபாய் பத்தியில் மட்டும் 20,000. டாலர் பத்தியில் ஏதாவது விழுந்தால் தீர்ந்துபோன இன்வாய்ஸில் புதிதாக ஒரு டாலர் பாக்கி முளைத்து, அடுத்த மாதக் கடைசியில் அதுவும் மறுமதிப்பீட்டுக்குப் போய்விடும். தேதி ஏப்ரலில்தான் இருக்க வேண்டும். மார்ச் கணக்கில் தவறே இல்லை. அங்கே 20,000 லாபம் சரியானது. அதைத் திறந்து திருத்தப் போனால் சரியாக இருந்த மாதமும் கெட்டுவிடும்.

வரவுப் பக்கம் 20,000 நிற்கிறது. இது நேர் எதிர்நிலை. ரிவர்ஸ் ஒழுங்காக விழுந்துவிட்டது. ஆனால் பணத்தைப் பதிவு செய்தவர் மார்ச் 31 பட்டியலில் இருந்த 8,20,000-ஐப் பார்த்து அந்தத் தொகைக்கு அடைத்து, 5,000 நட்டம் எழுதியிருக்கிறார். ஏப்ரலில் ரிவர்ஸால் 20,000, தீர்வால் 5,000, ஆக 25,000 நட்டம் காட்டும். அடைத்த பதிவை ரத்து செய்துவிட்டு 8,00,000-க்கு மறுபடி அடைப்பதே நல்லது. ரத்து செய்ய முடியாத நிலை என்றால், வாடிக்கையாளரை 20,000 பற்று வைத்து மாற்று லாபத்தில் வரவு எழுதலாம். இங்கும் டாலர் பத்தி பூஜ்யம்.

வரவில் 15,000, அல்லது பற்றில் 5,000 நிற்கிறது. மறுமதிப்பீட்டில் குறை இல்லை. வங்கியில் வந்த 8,15,000-ஐ அப்படியே வாடிக்கையாளர் கணக்கில் வரவு வைத்துவிட்டு, மாற்று வித்தியாச வரியை எழுத மறந்திருக்கிறார்கள். ரிவர்ஸ் முறையில் 15,000 வரவாகவும், ரிவர்ஸ் இல்லாத முறையில் 5,000 பற்றாகவும் மிஞ்சும். அந்த வரியை மட்டும் சேர்த்தால் போதும்.

இந்த மூன்றிலும் சேராத உதிரித் தொகை நின்றால் பெரும்பாலும் வங்கிக் கட்டணம்தான். அதற்குத் தனியாக வருகிறேன்.

இங்கே ஒரு பழக்கத்தை வன்மையாக எதிர்க்கிறேன். நிற்கும் பாக்கியைக் காரணம் பார்க்காமல் 'மாற்று வித்தியாசம்' என்று எழுதி அடைத்துவிடுவது. மேலே சொன்ன முதல் நிலையில் அது தற்செயலாகச் சரியான பதிவாகவே அமையும். ஆனால் அந்த உதிரி ஒரு குறைப்பணமாகவோ, தவறான இன்வாய்ஸில் போய்ச் சேர்ந்த பணமாகவோ இருந்தால், வசூலிக்க வேண்டிய தொகையை நாமே ஏட்டிலிருந்து அழித்துவிட்டோம் என்று ஆகும்.

## அறிகுறி: இன்னும் தீராத இன்வாய்ஸின் மதிப்பு விசித்திரமாக உயர்ந்திருக்கிறது

பணம் ஏப்ரலிலும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 30 ரேட் 83.00. வாடிக்கையாளர் கணக்கில் 8,30,000 இருக்க வேண்டும். பார்த்தால் 8,50,000 இருக்கிறது.

மாதக் கடைசியில் ஒவ்வொரு திறந்த கணக்குக்கும் ரூபாய் இருப்பை டாலர் இருப்பால் வகுத்துப் பாருங்கள்.

```
8,50,000 ÷ 10,000 = 85.00
```

விடை மாதக் கடைசி ரேட்டாக வர வேண்டும். 85 என்ற ரேட் அன்று எங்குமே இல்லை. அப்படியென்றால் மார்ச்சின் 20,000 ரிவர்ஸ் ஆகாமல் இருக்க, ஏப்ரல் மறுமதிப்பீடு மூல ரேட்டான 80-இலிருந்தே மறுபடி கணக்கிட்டு 30,000-ஐ மேலே சேர்த்திருக்கிறது. ஏப்ரல் பங்கு 10,000 மட்டுமே. மார்ச்சின் 20,000 இரண்டாவது தடவை ஏறிவிட்டது.

ரிவர்ஸ் இல்லாத முறையைப் பின்பற்றுகிறவர்கள் தங்கள் மறுமதிப்பீடு எதிலிருந்து தொடங்குகிறது என்பதை ஒருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டும். அது ஏட்டில் இப்போதுள்ள மதிப்பிலிருந்து தொடங்க வேண்டும், இன்வாய்ஸ் மதிப்பிலிருந்து அல்ல. எக்செல்லில் கணக்குப் போட்டு ஏற்றுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் அவர்கள் எடுக்கும் பட்டியலில் இன்வாய்ஸின் மூல ரூபாய் மதிப்புதான் இருக்கும். திருத்தம் எளிது: மிகையான 20,000-ஐ ஏப்ரல் தேதியில் எடுத்துவிடுங்கள். வகுத்துப் பார்க்கும் சோதனையை மட்டும் ஒவ்வொரு மாதக் கடைசியிலும், மறுமதிப்பீடு முடிந்த உடனேயே செய்யுங்கள். பணம் வரும்வரை காத்திருந்தால் பல மாதப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவிடும், பிரிப்பது கடினம்.

## அறிகுறி: பாக்கி ஏதும் இல்லை, ஆனால் லாபம் தவறான மாதத்தில் இருக்கிறது

இது ஆபத்தானது, ஏனென்றால் வாடிக்கையாளர் கணக்கு சுத்தமாக இருக்கும். இருப்பாய்வில் எதுவும் தெரியாது.

ஒரு வடிவம்: மார்ச்சில் மாற்று லாபம் பூஜ்யம், ஏப்ரலில் 15,000 லாபம். ரிவர்ஸ் தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 1-க்குப் பதில் மார்ச் 31 என்று விழுந்திருக்கும். மறுமதிப்பீடும் ரிவர்ஸும் ஒரே நாளில் ஒன்றையொன்று அழித்துவிட்டன. ரிவர்ஸ் தேதியை மாற்றினால் இரண்டு மாதமும் சரியாகிவிடும். மார்ச் ஏற்கெனவே மூடப்பட்டு அறிக்கையும் போய்விட்டது என்றால் விஷயம் வேறு. உள் மாத அறிக்கை மட்டும்தான் என்றால் ஏப்ரலில் ஒரு விளக்கக் குறிப்போடு விட்டுவிடலாம், ஆண்டு மொத்தம் கெடாது. ஆனால் மார்ச் 31 ஆண்டுக் கடைசியாக இருந்து, தொகையும் பெரியதாக இருந்தால், அது முந்தைய ஆண்டுப் பிழை. வெளியான கணக்கில் அப்படிப்பட்ட பிழையை எப்படித் திருத்துவது என்பதை IAS 8 சொல்கிறது. சத்தமில்லாமல் நடப்பு ஆண்டில் தள்ளிவிடக் கூடாது. தணிக்கையாளரிடம் கொண்டுபோக வேண்டிய விஷயம்.

இன்னொரு வடிவம் இதைவிட நுணுக்கமானது. பணம் உண்மையில் மார்ச் 29 அன்றே வந்துவிட்டது, ரேட் 81.00. வங்கியில் 8,10,000. ஆனால் நாம் அதை ஏட்டில் ஏப்ரல் 2 தேதியிட்டுப் பதிவு செய்தோம். மார்ச் 31 மறுமதிப்பீட்டுக்கு இன்வாய்ஸ் திறந்தே இருப்பதாகத் தெரிந்தது, 20,000 லாபம் ஏற்றிவிட்டது. ஏப்ரலில் ரிவர்ஸ் 20,000 நட்டம், தீர்வு 10,000 லாபம், நிகரம் 10,000 நட்டம். மொத்தம் சரியாகவே 10,000 லாபம். ஆனால் அந்த 10,000 முழுவதும் மார்ச்சுக்குச் சொந்தம், ஏப்ரலில் எதுவும் இருக்கக் கூடாது. தீர்ந்துபோன கடனுக்கு மார்ச் 31 ரேட் பொருந்தவே பொருந்தாது.

இதை வாடிக்கையாளர் பேரேட்டிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. வங்கி சரிக்கட்டும் பட்டியலில்தான் தெரியும்: மார்ச் கடைசி வாரத்தில் வங்கி வரவு வைத்திருக்கும், நம் ஏட்டில் இருக்காது. அதனால்தான் வங்கிச் சரிக்கட்டலை முடித்த பிறகே மறுமதிப்பீட்டை ஓட்ட வேண்டும் என்று சொல்கிறேன். வரிசை மாறினால் இந்தப் பிழை எப்போது வேண்டுமானாலும் வரும்.

சரி, பிழையே இல்லாத ஒரு நிலையையும் சொல்லிவிட வேண்டும். ஏப்ரல் அறிக்கையில் 'கைக்கு வந்த லாபம் 15,000' என்று பார்த்ததும், ஏப்ரலில் ரேட் இறங்கியதே, லாபம் எப்படி என்று மேலாளர் கேட்பார். ரிவர்ஸ் முறையில் அது இயல்பு. அதே மாதத்தில் கைக்கு வராத கணக்கில் 20,000 பற்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 5,000 நட்டம். அறிக்கையில் இரண்டு கணக்குகளையும் அடுத்தடுத்த வரியில் வைத்துவிட்டால் இந்தக் கேள்வி எழாது.

## அறிகுறி: மாற்று நட்டம் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகம், அல்லது உதிரி பாக்கி

வங்கி 20 டாலர் கட்டணம் பிடித்துக்கொண்டு 9,980 டாலரை மாற்றித் தருகிறது. 81.50 ரேட்டில் 8,13,370 ரூபாய் வருகிறது. அவசரத்தில் 8,13,370-க்கும் 8,00,000-க்கும் உள்ள 13,370-ஐ மாற்று லாபம் என்று எழுதினால், 1,630 ரூபாய் கட்டணம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். சரியான பதிவு:

```
வங்கி                    பற்று 8,13,370
வங்கிக் கட்டணம்           பற்று    1,630
   வாடிக்கையாளர்            வரவு 8,00,000
   கைக்கு வந்த மாற்று லாபம்  வரவு   15,000
```

சோதனை இதுதான்: மாற்று லாபத்தை டாலர் தொகையால் வகுத்தால் ரேட் வித்தியாசம் வர வேண்டும். 15,000-ஐ 10,000-ஆல் வகுத்தால் 1.50, அதாவது 81.50-க்கும் 80-க்கும் உள்ள தூரம். 13,370 என்றால் 1.337 வரும், அந்த எண்ணுக்கு எந்த ரேட்டிலும் விளக்கம் கிடைக்காது. கட்டணத்தை வாடிக்கையாளர் ஏற்பதாக ஒப்பந்தம் இருந்தால் 20 டாலர் அவர் பாக்கியாகத் திறந்தே இருக்க வேண்டும், செலவாக எழுதக் கூடாது.

அப்புறம், பணம் ரூபாயாக மாறாமல் டாலர் கணக்கிலேயே வந்து சேர்ந்தால் என்ன செய்வது? வந்த நாளின் ரேட்டில், 81.50-இல், வாடிக்கையாளரை முடித்துவிடுங்கள். அன்றோடு இன்வாய்ஸின் கதை முடிந்தது. ஏப்ரல் 25 அன்று அந்த டாலரை 81.20-இல் மாற்றினால் வரும் 3,000 நட்டம் டாலர் வங்கிக் கணக்கினுடையது. சிலர் மாற்றும் நாள்வரை வாடிக்கையாளரைத் திறந்தே வைத்திருப்பார்கள். அப்போது பணம் தந்துவிட்டவர் பாக்கிக்காரராகப் பட்டியலில் நிற்பார்.

## அறிகுறி: லாபம் வர வேண்டிய இடத்தில் நட்டம்

கொள்முதல் பில்லா என்று பாருங்கள். நாம் டாலர் தர வேண்டியவர்கள் என்றால் ரேட் ஏறுவது நட்டம். இதே எண்களில் மார்ச்சில் 20,000 நட்டம், ஏப்ரலில் 5,000 லாபம், மொத்தம் 15,000 நட்டம். அது பிழையல்ல. கொள்முதல், விற்பனை இரண்டுக்கும் ஒரே எக்செல் சூத்திரத்தை வைத்திருந்தால் மட்டும் குறி மாறிவிடும்.

முன்பணம் கொடுத்து வாங்கிய பொருளில் மாற்று வித்தியாசம் முளைத்திருந்தால் அதற்குக் காரணம் வேறு. பொருளாகத் திரும்பி வரப்போகும் முன்பணம் பணவகை இருப்பு அல்ல, அதனால் மாதக் கடைசியில் அதை மறுமதிப்பிடவே கூடாது. முன்பணம் கொடுத்த நாளின் ரேட்டே அந்தப் பகுதிக்குக் கடைசிவரை நிற்கும் என்பதை IFRIC 22 தெளிவாக்குகிறது. மறுமதிப்பீட்டுப் பட்டியலில் முன்பணக் கணக்கு சேர்ந்திருக்கிறதா என்று அமைப்பில் பார்த்து நீக்கிவிடுங்கள். பணமாகவே திரும்பி வரப்போகும் முன்பணத்தை மட்டும் பட்டியலில் வைத்திருங்கள். ஆர்டர் ரத்தாகிப் பணத்தைத் திருப்பித் தர சப்ளையர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றால் அது இந்த வகைதான்.